எதுக்கு, யாருக்கு, உடனே சொல்லு

என்னிடம் கொடுக்கப்பட்ட பயிற்சி உரையின் மூன்றாவது பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "பணியாளர்கள் தனிநபர் தரவுகளைக் கையாளும்போது உரிய பாதுகாப்பு நடவடிக்கைகளைக் கடைப்பிடித்து, அங்கீகரிக்கப்படாத வெளிப்படுத்தலைத் தவிர்க்க வேண்டும்." தவறு சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை யாருக்காவது எக்செல் ஃபைல் அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒரு பெண், இந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகு எந்த வேலையை வேறு மாதிரி செய்வார்? யோசித்துப் பார்த்தேன். எதையும் மாற்ற மாட்டார். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போவார்.

சேலத்தில் கொண்டலாம்பட்டிப் பக்கம் இருக்கும் ஒரு ஜவுளி நிறுவனம் அது. பெயர் வேண்டாம். படுக்கை விரிப்பும் துண்டும் நெய்து ஏற்றுமதி செய்கிறார்கள். தறியில் நிற்பவர்கள் தனி. அலுவலகத்தில் கணக்கு, எச்.ஆர்., டிஸ்பாட்ச், வரவேற்பு என்று ஒரு கூட்டம் இருக்கிறது. தறிக்காரர்கள் எல்லோருடைய ஆதார் எண், பி.எஃப். எண், வங்கிக் கணக்கு, சம்பளம், வீட்டு முகவரி எல்லாம் இவர்களுடைய கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் செய்ய வேண்டிய முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. அதற்குள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று வெளியில் யாரிடமோ ஒரு உரை எழுதி வாங்கியிருந்தார்கள். "கேட்டவங்க யாருக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க, இதைக் கொஞ்சம் மாத்திக் கொடுங்க" என்று என்னிடம் வந்தார்கள். ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இந்த மாதிரிப் பயிற்சி உரைகள் எழுதுவது என் பிழைப்பு.

பழைய உரையில் பதினோரு விதிகள் இருந்தன. பாஸ்வேர்டு, பென் டிரைவ், என்கிரிப்ஷன், பழைய கோப்புகளை எத்தனை வருடம் வைத்திருப்பது, ஒப்புதல் படிவத்தின் வாசகம், எல்லாம். முதலில் செய்தது, இந்தப் பதினொன்றில் எது யாருடைய வேலை என்று பிரித்தது. என்கிரிப்ஷன் கம்ப்யூட்டர் பார்க்கும் ஆளுடைய வேலை. ஒப்புதல் படிவம் நிர்வாகத்தின் வேலை, எத்தனை வருடம் வைப்பது என்பதை ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இதையெல்லாம் வரவேற்பில் இருப்பவருக்குச் சொல்லி என்ன பயன்? நாற்காலியில் இருப்பவர், யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒரு நிமிடத்துக்குள், தன் கையாலேயே செய்யக்கூடியது எது? அந்தச் சல்லடையில் தங்கியது மட்டும் போதும் என்று முடிவு செய்தேன்.

அடுத்து, அலுவலகத்தில் உட்கார்ந்து ஆட்களிடம் பேசினேன். "தரவுப் பாதுகாப்பு பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டால் பரீட்சை மாதிரி ஆகிவிடும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால், "நேத்து யாருக்கு என்ன அனுப்பினீங்க, போனை எடுத்துப் பாருங்க" என்று மட்டும் கேட்டேன். கதை தானாக வந்தது. வேன் டிரைவருக்குப் போன முகவரிப் பட்டியல். வங்கி ஊழியருக்குப் போன பாஸ்புக் படம். "லிஸ்ட் அனுப்பு" என்று சூப்பர்வைசர் சொன்னதும் போன மொத்த ஃபைல். திருடன் யாரும் எங்கேயும் இல்லை. எல்லா இடத்திலும் அவசரத்தில் இருக்கும் நல்ல மனிதர் ஒருவர் கேட்கிறார், உதவும் மனசுள்ள இன்னொருவர் அனுப்புகிறார்.

பழைய உரையில் இருந்த உதாரணமோ, வெளிநாட்டு ஹேக்கர் ஒருவன் இருட்டு அறையில் உட்கார்ந்து தட்டுவது. அதைப் பார்த்த கணக்குப் பிரிவுக்காரர், "நம்ம கம்பெனிக்கு அவன் எதுக்குங்க வர்றான்?" என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

மூன்று விதிகள் இப்படி நின்றன. அனுப்புவதற்கு முன் "எதுக்கு?" என்று கேள், அந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் கொடு. அனுப்பும் பட்டனைத் தொடும் முன் "யாருக்கு?" என்று திறந்து பார். தப்பாகப் போய்விட்டால் உடனே சொல்லு. சட்டத்தோடு ஒட்டிப் பார்த்தாலும் இவை நிற்கின்றன. சொன்ன நோக்கத்துக்குத் தேவையான அளவு தரவுதான் என்ற எல்லை சட்டத்தில் இருக்கிறது. தரவு மீறல் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில், தற்செயலாக வெளியே போவதும் பகிரப்படுவதும் சேர்த்தி. கெட்ட எண்ணம் இருந்தால்தான் மீறல் என்று எங்கும் இல்லை. குரூப் மாறிப் போன ஒரு வாட்ஸ்அப் செய்தியும் மீறல்தான்.

இனி, இந்த மூன்றையும் மனதில் பதிய வைக்கும் கதை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சூழ்நிலை வேண்டும் என்று ஏற்காடு டிரிப்பை எடுத்தேன். வருடத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஒரு பிரிவு மலையேறாத அலுவலகம் சேலத்தில் உண்டா? காட்சியின் எழுத்து வடிவம் கிட்டத்தட்ட இதுதான்:

மே மாதம், கோடை விழா சமயம். சனிக்கிழமை சாயங்காலம். எச்.ஆர். பிரிவில் செல்வி வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுக்கிறார். சூப்பர்வைசர் குமார் போனில் அழைக்கிறார். "செல்வி, நாளைக்கு வர்ற நம்ம ஆளுங்க லிஸ்ட் அனுப்பும்மா. லாட்ஜ்ல கேக்கறாங்க, இல்லேன்னா ரூமை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். நான் கொண்டை ஊசி வளைவுல போயிட்டிருக்கேன், சிக்னல் போயிரும். நம்ம டிரிப் குரூப்லயே போட்டுரு." போன் துண்டிக்கப்படுகிறது.

செல்வியிடம் இருப்பது `Staff_Master.xlsx`. பெயர், போன், ஆதார், வங்கிக் கணக்கு, சம்பளம், எல்லாம் அதில் இருக்கின்றன.

இங்கே பயிற்சி நடத்துபவர் நிறுத்த வேண்டும். "செல்வி இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?" பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். உரையில் அந்த இடத்தில் "பேசாமல் இருக்கவும்" என்றே எழுதி வைத்தேன். பயிற்சி நடத்துபவர்களுக்கு மௌனம் தாங்காது; பதிலைத் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

பிறகு கதை தொடர்கிறது. செல்வி முழு ஃபைலையும் அப்படியே அனுப்பிவிடும் அசட்டுப் பெண் கிடையாது. ஆதார், வங்கி, சம்பளம் இருக்கும் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து, `Hide` கொடுக்கிறார். திரையில் பெயரும் போனும் மட்டும் நிற்கின்றன. "அப்பாடா" என்று சேமித்து, குரூப்பில் போடுகிறார்.

இரண்டாவது நிறுத்தம். அந்தக் குரூப்பின் உறுப்பினர் பட்டியல் திரையில் வருகிறது. போன வருட டிரிப்புக்குத் தொடங்கிய குரூப். வேன் டிரைவர் இருக்கிறார். வேலையை விட்டுப் போன இரண்டு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் இப்போது எதிர்க் கம்பெனியில். "யாருக்குப் போச்சு?" என்று கேட்க வேண்டும்.

அடுத்த கால் மணி நேரத்தில் குரூப்பில் ஒரு செய்தி: "செல்வி, மறைச்ச கட்டத்தைத் திறந்து பார்த்தேன். எனக்கு இன்க்ரிமென்ட் இல்லைன்னு சொல்லித்தானே அனுப்பினீங்க? ரமேஷுக்கு மட்டும் எப்படி ஏத்துனீங்க?"

மூன்றாவது நிறுத்தம். இப்போது செல்வி என்ன செய்ய வேண்டும்?

காட்சி அவ்வளவுதான். இதில் நான் அதிகம் யோசித்தது அந்த `Hide` விஷயத்தைத்தான். அஜாக்கிரதையான ஒருவர் தப்பு செய்வதாக எழுதினால், கேட்பவர்கள் எல்லோரும் "நான் அப்படிச் செய்ய மாட்டேன்" என்று மனதில் சொல்லிக்கொண்டு தப்பித்துவிடுவார்கள். ஜாக்கிரதையான ஒருவர், முதல் விதியைக் கடைப்பிடித்துவிட்டதாக நம்பிக்கொண்டே விழ வேண்டும். எக்செல்லில் கட்டத்தை மறைப்பது என்றால் திரைச்சீலை போடுவது மாதிரி. பொருள் அறைக்குள்தான் இருக்கிறது. ஃபைலைப் பெறுபவர் இரண்டு கிளிக்கில் திரும்பத் திறந்துகொள்ளலாம்.

இது சின்ன அலுவலகத்துச் சங்கதி என்று நினைப்பவர்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல் துறை, தகவல் கேட்டு வந்த ஒரு மனுவுக்குப் பதிலாக ஒரு எக்செல் ஃபைலைக் கொடுத்தது. அதில் மறைந்திருந்த ஒரு ஷீட்டில் 9,483 காவலர்கள், ஊழியர்களின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பிரிவு எல்லாம் இருந்தன. அது இணையத்தில் வெளியாகி, சில மணி நேரம் யாரும் பார்க்கும்படி இருந்தது. காவலர்கள் தங்கள் வேலையையே அக்கம்பக்கத்தில் சொல்லாமல் வாழும் பகுதி அது. பிறகு பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 7,50,000 பவுண்ட் அபராதம் விதித்தது. ஹேக்கர் யாரும் இல்லை; மறைந்திருந்த ஒரு ஷீட்தான். இந்தச் சம்பவத்தை உரையில் சேர்க்கவில்லை, பயிற்சி நடத்துபவரின் கையேட்டில் மட்டும் வைத்தேன். "இதெல்லாம் நடக்குமாங்க?" என்று யாராவது கேட்டால் சொல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைக் காட்சி முடிந்ததும் திரையிலேயே காட்டிவிட வேண்டும். எக்செல்லில் மேலே வரும் எழுத்துகளைப் பாருங்கள். A, B என்று வந்து திடீரென H-க்குத் தாவினால் நடுவில் ஏதோ மறைந்திருக்கிறது. `File`, `Info`, `Check for Issues`, `Inspect Document` என்று போனால் மறைந்த வரிசை, கட்டம், ஷீட் எல்லாவற்றையும் எக்செல்லே தேடிச் சொல்லும். சரி, மறைக்காமல் என்ன செய்வது? புதிய வெற்று ஃபைல் ஒன்றைத் திறந்து, பெயர்களை மட்டும் அதில் ஒட்டுவதுதான் சுலபம். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. மறைந்த கட்டங்களின் மேல் இழுத்துத் தேர்ந்தெடுத்து காப்பி செய்தால், மறைந்ததும் சேர்ந்தே வந்துவிடும். தேர்ந்தெடுத்த பிறகு `Alt+;` அழுத்தினால் கண்ணுக்குத் தெரிவது மட்டும் காப்பியாகும். இதை எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை. தினமும் எக்செல்லில் இருப்பவர்களுக்குச் சொன்னால் போதும். மற்றவர்களுக்கு, "புது ஃபைல், பெயரை மட்டும் ஒட்டு" என்பதோடு நிறுத்தினேன்.

உண்மையில் முதல் விதியின் பதில் இன்னும் எளிது. லாட்ஜுக்கு அந்த நேரத்தில் என்ன வேண்டும்? எத்தனை பேர், யார் யார். அவ்வளவுதான். அடையாள அட்டையை மறுநாள் ஒவ்வொருவரும் வரவேற்பில் தாங்களே காட்டிக்கொள்ளலாம். ஆதார்தான் வேண்டும் என்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள முடியும். "எதுக்குண்ணா? பேர் மட்டும் போதுமா?" என்று செல்வி கேட்டிருந்தால் ஃபைலைத் திறக்கும் வேலையே இல்லை, பெயர்களைச் செய்தியாகவே தட்டி அனுப்பியிருக்கலாம். ஒரு சூப்பர்வைசரிடம் இப்படிக் கேட்க இளைய ஊழியருக்குத் தயக்கம் இருக்கும் என்பதும் உண்மை. அதனால்தான் அந்தக் கேள்வியை, மரியாதையோடு, அப்படியே வாயில் வரும் வாக்கியமாக எழுதிக் கொடுத்தேன். "தேவையை உறுதிப்படுத்தவும்" என்று எழுதினால் யார் வாயில் வரும்?

மூன்றாவது விதியில்தான் நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை நீண்டது. பழைய உரை 250 கோடி ரூபாய் அபராதத்தில் தொடங்கியது. பெரிய எழுத்தில், சிவப்பில். அந்தத் தொகை உண்மைதான். பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறும் நிறுவனத்துக்கு அந்த உச்சவரம்பு வரை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது நிறுவனத்தின் மேல் வருவது, செல்வியின் சம்பளத்திலிருந்து பிடிப்பது கிடையாது. கேட்பவர்களுக்கு அந்த வித்தியாசம் போய்ச் சேர்வதில்லை. "நான் ஒரு ஃபைலை மாத்தி அனுப்புனா 250 கோடி" என்றுதான் மனதில் பதியும். அப்படிப் பதிந்தவர் தப்பு நடந்ததும் என்ன செய்வார்? சத்தமில்லாமல் அழித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று வேண்டிக்கொள்வார். மூன்றாவது விதியை நீங்களே முதல் பக்கத்தில் கொன்றுவிடுகிறீர்கள் என்றேன். அந்தப் பக்கத்தை எடுத்தோம்.

உடனே சொல்வது ஏன் அவ்வளவு முக்கியம்? மீறல் நடந்தது தெரிந்ததும், பாதிக்கப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதிக்காமல் நிறுவனம் தெரிவிக்க வேண்டும். வாரியத்துக்கு விவரமான அறிக்கையை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதில் என்ன போனது, எப்போது, எப்படி, எவ்வளவு பேருக்குப் பாதிப்பு என்பதெல்லாம் வரும். அந்த விவரம் எல்லாம் அந்த நிமிடத்தில் செல்வியின் போனில் மட்டும்தான் இருக்கிறது. குரூப் செய்தியை அழுத்திப் பிடித்து `Info` பார்த்தால் யார் யார் பார்த்துவிட்டார்கள் என்று தெரியும். செய்தியை எல்லோருக்கும் அழித்துவிட்டால் அந்தப் பட்டியலும் போய்விடும். அதற்காக அழிக்காமல் வைத்திருக்கவும் முடியாது, இன்னும் பத்து பேர் திறந்துவிடுவார்கள். ஆகவே வரிசை இது: `Info` திரையைப் படம் எடு, `Delete for everyone` கொடு, பொறுப்பாளரை அழை. மூன்றும் சேர்த்து ஒரு நிமிடம். "அழிச்சாச்சே, அப்புறம் எதுக்குச் சொல்லணும்?" என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார். ஏற்கெனவே இறக்கி வைத்த ஃபைல் அவரவர் போனில் நிற்கக்கூடும். குரூப்பில் அழித்தால் அதுவும் போய்விடும் என்று நம்ப முடியாது. கதையில் இன்க்ரிமென்ட் கேட்டவரை நினைத்துக்கொண்டால் பதில் கிடைத்துவிடும்.

"சொன்னவரைத் திட்ட மாட்டோம்" என்ற வரியை முதலாளியே வாயால் சொல்ல வேண்டும் என்று உரையில் எழுதினேன். அவருக்கு ஒப்பவில்லை.

"தப்புப் பண்ணுனவனைத் திட்டாம எப்படிங்க? நாளைக்கு எல்லாரும் பண்ணிட்டு வந்து நிப்பாங்க."

"சார், நீங்க திட்டினாலும் தப்பு நடக்கும். உங்களுக்குத் தெரிய வராது, அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். கடைசியில் ஒரு பேரம் படிந்தது. அன்றைக்கே வந்து சொன்னவரைக் கேள்வி கேட்பதில்லை. மறைத்தது பின்னால் தெரிந்தால் கேட்பது. எனக்கு இதுவே போதுமானதாகப் பட்டது. முதலாளி சொல்லாமல் பயிற்சி நடத்துபவர் சொன்னால் அந்த வரிக்கு மதிப்பே இல்லை என்பது என் எண்ணம். முதலாளிக்கு ஒப்பாத இடத்தில் மூன்றாவது விதியை எழுதாமல் விடுவதே மேல். பொய்யான உறுதிமொழியை நம்பி ஒருவர் போய் மாட்டிக்கொண்டால், அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

நடுநடுவே நிறுத்திக் கேட்பது பொழுதுபோக்குக்காக இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. ஒரு கூட்டம் மாணவர்கள் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு கூட்டம் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். பயிற்சி முடிந்த கையோடு கொடுக்கும் கேள்வித்தாளில் எல்லோரும் நல்ல மதிப்பெண் வாங்குவதை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். அந்த ஐந்து நிமிட மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு சான்றிதழ் அடிக்கிறார்கள்.

கதை வைத்துச் சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. ருசியான பகுதி நிற்கும், விதி நழுவும். "அந்த ஏற்காடு கதைதானே, ரமேஷுக்கு இன்க்ரிமென்ட்!" என்று சிரிப்பார்கள், விதி என்ன என்றால் முழிப்பார்கள். அதைத் தடுக்க, மூன்று விதிகளும் கதையின் திருப்பங்களிலேயே உட்கார வேண்டும், கதை நடக்கும் அதே வரிசையில். கதையை நினைவுகூர்ந்தாலே விதி வர வேண்டும்: கேட்டார், எதுக்கு, போட்டார், யாருக்கு, வெடித்தது, சொல்லு. திருப்பத்தோடு சம்பந்தமில்லாத எதையும் வெட்டினேன். கிளியூர் அருவியில் குளிப்பது பற்றி ஒரு நல்ல நகைச்சுவை வரி இருந்தது. அதுவும் போனது.

ஒரு மாதம் கழித்துச் சோதிக்க ஒரு புதுச் சம்பவம் தனியாக எழுதிக் கொடுத்தேன். அதில் ஏற்காடும் இல்லை, எக்செல்லும் இல்லை. வரவேற்புக்கு ஒரு போன் வருகிறது: "பேங்க்லேர்ந்து பேசறோம், உங்க தறிக்காரர் ஒருத்தர் லோன் கேட்டிருக்கார், சம்பளம் எவ்வளவுன்னு சொல்ல முடியுமா?" விதிகளை ஒப்பிக்கச் சொல்லக் கூடாது. என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். "எதுக்குன்னு கேப்பேன், அவங்க பேர் வாங்கிட்டு, பேங்க் நம்பரை நானே பார்த்துக் கூப்பிடுவேன், தறிக்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குவேன்" என்று ஒருவர் சொன்னால் பயிற்சி வேலை செய்திருக்கிறது. "எச்.ஆருக்குக் கனெக்ட் பண்ணிருவேன்" என்று சொன்னால் பாதிதான். எச்.ஆரில் இருப்பவர் சொல்லிவிடுவாரே.

இன்னொரு அளவுகோலையும் நிர்வாகத்திடம் சொல்லி வைத்தேன். பயிற்சிக்குப் பிறகு வரும் மாதங்களில் "தப்பா அனுப்பிட்டேன்" என்று வந்து சொல்பவர்களின் எண்ணிக்கை கூடும். கூடினால் பதற வேண்டாம். தப்பு கூடவில்லை, இதுவரை மறைந்தது மேலே வருகிறது. யாருமே வரவில்லை என்றால்தான் விசாரிக்க வேண்டும்.

மூன்று விதிகளையும் ஒரு சிறு அட்டையில் அச்சடித்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டச் சொன்னேன். மூன்றாவதுக்குக் கீழே பொறுப்பாளரின் பெயரும் போன் எண்ணும். அவர்கள் அச்சுக்கு அனுப்பிய அட்டையில் அலுவலக லேண்ட்லைன் எண் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அதை யார் எடுப்பார்? செல்போன் எண்ணாக மாற்றி, அவர் விடுப்பில் இருக்கும்போது அழைக்க இரண்டாவது எண் ஒன்றையும் சேர்த்து, திருப்பி அனுப்பியிருக்கிறேன்.